மிஞ்சிய மூன்று கிலோ

எட்டுப் பேர் வீட்டுக்கு மாதச் சாமான் கணக்கு மூத்த மருமகள் பொறுப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பெரியவர்கள் ஆறு பேருக்குத் தலைக்கு ஆறு கிலோ அரிசி, பிள்ளைகள் இருவருக்கும் மும்மூன்று, மொத்தம் நாற்பத்திரண்டு. மாதக் கடைசியில் டப்பா துடைத்து வைத்தாற்போல் இருக்கும். இந்த மாதம் மூன்று கிலோ மிஞ்சிக் கிடந்தது. யாரும் வெளியூர் போகவில்லை, காய்ச்சலில் படுக்கவுமில்லை.

"நல்லதாப் போச்சு, அடுத்த மாசம் குறைச்சு வாங்கு" என்றார் மாமியார்.

மூத்தவள் டப்பாவை மூடினாள். எப்போதும் கடைசியாகத் தனியே சாப்பிடும் ஓரகத்தியிடம் போய், "நீ ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டாள்.

சின்னவள் பாத்திரம் தேய்த்தபடியே சொன்னாள்: "போன தடவை கணக்குப் போடும்போது, 'நீ சாப்பிடுறதுக்கு உன்னை ரெண்டு தலையா எண்ணணும்'னு சொன்னீங்களேக்கா. எல்லாரும் சிரிச்சாங்க. அதான், அரைத் தலையா ஆயிட்டேன்."