இடமிருந்து வலம்

தையற்காரிக்குக் கடைசி மருந்து ஏறி முடிந்ததும் எடுத்த படத்தில், அன்று ஆஸ்பத்திரிக்கே போகாத அவள் தோழி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, அதன்மேல் பரிசோதனைத் தாள்கள். படத்தை எடுத்தவள் நர்ஸ். அவளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அந்த உருவத்தின் காலைத் தூக்கச் சொல்லித்தான் மாதக்கணக்கில் தரை துடைத்தார்கள்.

தோழி ஒரு பத்திரிகையில் படங்களுக்குக் கீழே போகும் வரிகளை எழுதுகிறவள். தையற்காரியின் கழுத்தில் நெறி கட்டியது நிணநீர்ப் புற்று என்று தெரிந்த நாளில், "ஒவ்வொரு தடவையும் நான் வந்து உக்காருவேன்டி" என்று வாக்குக் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு தடவை. முதல் இரண்டுக்கும் போனாள். காலையில் ரத்தம் எடுப்பார்கள். வெள்ளணு போதிய அளவு இருந்தால்தான் மருந்து. முதலில் குமட்டலைத் தடுக்கும் ஊசி, பிறகு மணிக்கணக்கில் சொட்டும் பாட்டில். சிவப்பு மருந்தை மட்டும் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே மெல்ல ஏற்றுவாள். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும் என்பதால், "எரியுதாக்கா? எரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். "வயித்தெரிச்சல் மட்டுந்தான்" என்பாள் தையற்காரி.

இரண்டாம் தடவை முடிந்து பத்து நாளில், வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தபோது காய்ச்சல் வந்தது. அந்தச் சமயத்துக் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுக்கக் கூடாது. உடனே ஓட வேண்டும். தோழிதான் ஓடினாள். தனியறையில் கட்டில் கடகடக்க நடுங்கியவளைக் கண்ணாடி வழியே பார்த்தாள். நரம்பு வழியே கிருமிக்கொல்லி ஏற்றி மீட்டார்கள். மூன்றாம் தடவை ஒரு வாரம் தள்ளிப்போனது. அன்று ஆஸ்பத்திரி வாசல் வரை வந்த தோழி, கால் எழாமல் திரும்பி, அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். அவள் போனாள். அவள் உருவம் உள்ளே போனது. தையற்காரியின் பையை வாங்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தது. காவல்காரர் அனுமதிச் சீட்டு கொடுத்தார். அதன்பின் எல்லாத் தடவையும் அப்படியே.

தோழி நெஞ்சு குறுகுறுத்தபடிதான் சாப்பிட்டாள், தூங்கினாள். ஊரார் பாராட்டினார்கள். "கூடப் பொறந்தவ கெட்டா போ" என்றாள் தையற்காரியின் அண்ணி. மறுக்காத ஒவ்வொரு முறையும் தோழியின் முகம் தொங்கிப்போயிற்று.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் ஸ்கேன் எடுத்தார்கள். நோயின் தடயம் தெரியவில்லை என்றார் டாக்டர். முடியும் பிஞ்சு பிஞ்சாக முளைத்தது. தையற்காரி அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு தோழியிடம் வந்தாள். "கஸ்டமருங்களுக்கு அனுப்பணும். கீழ ரெண்டு வரி எழுதிக் குடு. ஜெயிச்சுட்டேன் அது இதுன்னு எழுதாத. மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும்னிருக்காரு."

பத்திரிகை வேலையில் ஒரு விதி உண்டு. படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகச் சொல்ல வேண்டும். யாரையும் விடக் கூடாது. இல்லாதவரைச் சேர்க்கவும் கூடாது. இடப்பக்கம் தையற்காரி. வலப்பக்கம் வந்ததும் தோழியின் கை நின்றது. தன் பெயரை எழுதினாள், அடித்தாள். மறுபடி எழுதினாள். காது மடல் வரை சுட்டது.

"என்னடி, உன் பேரு மறந்துபோச்சா?"

"அது நான் இல்ல."

"தெரியும்."

தோழி தன் பெயரை மறுபடி அடித்தாள்.

"நான் வாந்தி எடுத்தா நீ மூக்கைப் பொத்திக்குவ. அது பொத்தல. அந்த மூணாவது தடவையே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?"

தையற்காரி படத்தில் படிந்த நூல்துணுக்கை ஊதித் தள்ளினாள். "கேட்டா, அதுவும் எழுந்து போயிடுமோன்னு."

தோழி எழுதிக் கொடுத்த வரிகள் இவை: 'இடமிருந்து வலம்: தையற்காரி, அவளோடு காத்திருந்தவள். தைக்கக் கொடுத்த துணிகளை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். எழுதியவள் படத்தில் இல்லை.' தையற்காரி ஒரு சொல்லையும் மாற்றாமல் அனுப்பினாள். வாடிக்கையாளர்கள் துணியைப் பற்றி மட்டும் கேட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, பரிசோதனை நாளில் தோழி வாசலைத் தாண்டி உள்ளே போனாள். கூட ஒருவருக்குத்தான் அனுமதி. காவல்காரர் இவள் முகத்தைப் பார்த்தார், உள்ளே நாற்காலியில் இருந்த முகத்தைப் பார்த்தார், ஒருத்தி என்று கணக்கு வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். உருவம் ஒரு இருக்கை தள்ளி அமர்ந்து இடம் விட்டது. அவளைப் பார்க்காமலே பையை நீட்டியது. பை அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.