விசேஷத்துக்கு மட்டும் போடும் மிஷின்

என் மகன் துரைராசுவுக்கு மூளை இருக்கவேண்டிய இடத்தில் பீரோ சாவிதான் இருக்கிறது. எனக்கு வாங்கிய காது மிஷினைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, நகையோடு நகையாக உள்ளே பூட்டிவிட்டான். விலை ஒசந்த சாமானாம், விசேஷத்துக்கு மட்டும் போட்டால் போதுமாம். அட மூதேவி, மற்ற நாளெல்லாம் நான் என்ன வைக்கோல் பொம்மையா?

பேத்தி வானதியைப் பெண் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், அதற்கு முந்தின நாளே மிஷின் வெளியே வந்தது. மாட்டினேன். கப்சிப். மருமகள் ரெத்தினம் ஊக்கை எடுத்து அதன் வாயிலே குத்தினாள். எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஊக்குதான் வைத்தியம். மகன் கையை விரித்தான்.

வானதி வெடுக்கென்று பிடுங்கினாள். பேட்டரிக் கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. போன கல்யாணத்து வேர்வையோடு, பேட்டரியைக்கூட எடுக்காமல், இந்த ஐப்பசிப் புழுக்கத்தில் கட்டிப் போட்டால் பூக்காமல் என்ன செய்யும்? என் காதருகே வந்து கத்தினாள்.

"தாத்தா, நாளைக்கு நான் பேசுறது கேக்கணும். உங்களுக்காவது கேக்கணும்!"

அவள் கண் கலங்கியிருந்தது.

தண்ணீர் தொடாமல், உலர்ந்த பஞ்சுக் குச்சியால் அந்த வெள்ளையைத் துடைத்தாள். மிஷின் வாயைக் கீழே கவிழ்த்துப் பிடித்துக் குட்டி பிரஷ்ஷால் தட்டினாள். காதழுக்கு உள்ளே போகாமல் தடுக்கும் சின்ன வலை, ஊக்குக் குத்தில் கிழிந்து அடைத்துக் கிடந்தது. மிஷினோடு வந்த குச்சியின் ஒரு முனையால் அதை இழுத்தாள். மறுமுனையால் புதியதைப் பொருத்தினாள். பேட்டரிக் கதவைத் திறந்தபடியே, ஈரம் குடிக்கும் மணிகள் போட்ட டப்பாவில் ராத்திரி முழுக்க மூடி வைத்தாள்.

காலையில் என் மகன் புத்திசாலித்தனம் காட்ட வந்தான். பேட்டரி அட்டையில் எல்லா ஸ்டிக்கரையும் உரிக்கப் போனான். வானதி அவன் கையைத் தட்டினாள். உரித்தால் காற்றுப் பட்டு, போடாமலே தீர்ந்துபோகுமாம். ஒன்றை மட்டும் உரித்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் போட்டு, மிஷினை என் காதில் மாட்டினாள். காக்கைச் சத்தம், ஃபேன் சத்தம், சமையலறையில் ரெத்தினத்தின் அதிகாரம், எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "உனக்குச் சம்மதம்தானேம்மா?"

என் பக்கத்தில் நின்ற வானதி தரையைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம்."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

"வெக்கப்படுதுங்க," என்று ரெத்தினம் இளித்தாள். துரைராசு தாம்பாளத்தை எடுத்து நீட்டினான். மாப்பிள்ளை வீட்டாரும் பல்லைக் காட்டினார்கள். தூ, இதெல்லாம் ஒரு கூட்டம்!

"வேண்டாம்னு சொல்லுதுடா புள்ள," என்றேன்.

"அப்பாவுக்குக் காது கேக்காதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் மகன்.

மிஷினைக் கழற்றினேன். தாம்பாளத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையில் மிஷினை வைத்தேன்.

"இந்தா, நீ மாட்டிக்க."