மூடி சார்

அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மூடி சார். முப்பது வருடம் கல்லூரியில் கணித வகுப்பெடுத்ததில், ஒரு பரப்பின் வழியே எவ்வளவு பாய்கிறது என்று சொல்லும் டைவர்ஜென்ஸ் தேற்றத்தைத் தொடும்போதெல்லாம் கரும்பலகையைத் தட்டித் தட்டி ஒன்றையே கேட்டார்: "மூடியைப் போட்டாச்சா?" நாலாபுறமும் மூடிய பரப்புக்குத்தான் அந்தத் தேற்றம் செல்லும். அரைக்கோளம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி, அடியில் திறந்து கிடக்கும். தட்டு ஒன்றைப் போட்டு மூடிக் கணக்குப் பண்ணிவிட்டு, தட்டின் பங்கைக் கடைசியில் கழிக்க வேண்டும். இதை மறந்தவன் தொலைந்தான்.

ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மனைவி போய் எட்டு மாதம். வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. குக்கர் சத்தம் போட்டால்தான் உண்டு. அதனால் விடைத்தாள் திருத்தும் முகாமின் இரண்டு வாரத்துக்காக மனுஷர் வருடம் பூராவும் காத்திருப்பார். நீள மேசை, ஆறு பேர், பதினோரு மணி டீ, ஒருத்தர் காலை ஒருத்தர் வாரும் பேச்சு. இந்த வருடம் அவருக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

வெக்டர் கால்குலஸ் தாளின் கேள்வியும் அவருடையதே, விடைக்குறிப்பும் அவருடையதே. பதினான்காம் கேள்வி, முதல் பகுதி, பத்து மதிப்பெண்: (x, y, z+2) என்ற புலம், ஆரம் ஒன்றான மேல் அரைக்கோளத்தின் வழியாக வெளிநோக்கி எவ்வளவு பாய்கிறது? அடித்தட்டு சேராது. இரண்டாம் பகுதி: (-y, x, 0) என்ற புலத்துக்கு, அதே கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் கோட்டுத் தொகையீடு. விடைக்குறிப்பில் இரண்டுக்கும் 2π.

அவர் பங்குக்கு வந்த இருநூறு தாளில் நூற்றுத் தொண்ணூறைத் திருத்தி முடித்துவிட்டார். அடுத்த தாளில் முதல் பகுதிக்கு விடை 4π. டைவர்ஜென்ஸ் மூன்று என்று கண்டதற்கு இரண்டு மதிப்பெண் போட்டு, மீதியைச் சிவப்பில் அடித்தார். மொத்தம் நாற்பத்து நாலு. ஐம்பது வந்தால்தான் தேர்ச்சி.

பக்கத்தைத் திருப்பும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: "மூடி வழியாக −2π. கழித்தாச்சு."

கை அப்படியே நின்றது. மூடிய கிண்ணத்துக்கு மொத்தம் 2π. மூன்றை 2π/3 கன அளவால் பெருக்கினால் அதுதான். அடித்தட்டில் z பூஜ்யம், வெளிநோக்கு திசை கீழே, அதனால் பங்கு −2π. கழித்தால் 4π. பிள்ளை எழுதியதுதான் சரி. மூடியைக் கழிக்க மறந்தது மூடி சார்.

மனைவி போன மூன்றாவது வாரத்தில் அந்த விடைக்குறிப்பை எழுதியிருந்தார். இரண்டாம் பகுதியில் விளிம்பு ஒன்றே போதும், கர்ல் தேற்றத்துக்கு மூடி வேண்டாம், அங்கே 2π சரியே. இரண்டும் ஒரே விடையாக வந்ததில் கண் ஏமாந்துவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது. கட்டைப் பிரித்துப் பழைய தாள்களைப் புரட்டினார். இன்னும் நாலு 4π, நாலும் அவர் கையால் அடித்தவை.

தலைமைத் திருத்துநர் ஒரு காலத்தில் அவருடன் ஒரே துறையில் வேலை பார்த்தவர், நல்ல பெண்மணி. மூடி சார் அவர் அறைக்குள் போய் ஐந்து தாளையும் நீட்டினார். அந்த அம்மாள் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றினார், கதவைச் சாத்தினார். விடைக்குறிப்பைத் திருத்தினால், 2π-க்குப் போட்டதைக் குறைக்காவிட்டாலும், 4π எழுதியவர்களுக்காக எல்லா மேசைத் தாளையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். தவறு யாருடையது என்று படிவத்தில் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டவர் பெயர் அடுத்த வருடத்திலிருந்து திருத்தும் குழுவில் இருக்காது, அது விதி.

"யோசிச்சுக்கோங்க சார். அஞ்சு பேர்தானே. யாருக்கும் தெரியப் போறதில்ல."

யோசித்தார். பொய் சொல்வானேன், நன்றாகவே யோசித்தார். அந்த நீள மேசையை நினைத்தார், பதினோரு மணி டீயை நினைத்தார், வீட்டில் சாத்தியிருக்கும் ஜன்னலை நினைத்தார்.

"என் மேசையில அஞ்சும்மா. மத்த மேசையில எத்தனையோ," என்றார். "ஒவ்வொரு புள்ளையும் வீட்டுல தனியா உக்காந்து, நான் எங்க தப்பு பண்ணேன்னு தேடிட்டு இருக்கும். தப்பே இல்லாத இடத்துல எவ்வளவு நேரம் தேடும்? படிவத்தக் குடுங்க."

திரும்பி வந்து ஐந்து தாளிலும் சிவப்பை அடித்து எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். நாற்பத்து நாலு ஐம்பத்திரண்டு ஆயிற்று. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஓரத்தில் ஏதாவது எழுத மனம் அடித்துக்கொண்டது. மதிப்பெண் தவிர எதுவும் எழுதக் கூடாது. பென்சில் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டார், கொஞ்சம் பெரிதாக.

கடைசி நாள் எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் தட்டினார்.

"அடுத்த வருஷம் பாப்போம் மூடி சார்."

"பாப்போம்," என்றார்.