அன்பளிப்பா, பகாரா?

என் தம்பி ரவீந்திரா எனக்கு எட்டு வருடம் அன்பளிப்பு அனுப்பினான். எங்கள் தீவில், லவுத்தோக்கா ஊரில் எங்களைத் தெரிந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். கோயிலில் சொன்னார்கள், கல்யாண வீட்டில் சொன்னார்கள், மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிறவள்கூடச் சொன்னாள். "உனக்கென்ன உர்மிளா, சிட்னியில இருந்து தம்பி படி அளக்கறான்." நானும் தலையை ஆட்டிக்கொண்டு ஆமாம் என்றேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையைப் பிடித்து நானே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவன் போனது 2000-இல், ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அந்த வருடக் கடைசியில். கலவரத்துக்குப் பயந்து கிழக்கே வீடுகளை விட்டு ஓடிவந்த இந்தியக் குடும்பங்கள் இங்கே கிர்மித் சென்டர் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த காலம் அது. யாருக்கு எங்கே விசா கிடைத்ததோ அங்கே போனார்கள். சர்க்கரை மில்லில் மெக்கானிக்காக இருந்த ரவீந்திராவுக்கு சிட்னியில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. எங்கள் வீடு இருக்கும் வையாவியில் அவன் கடன் வாங்கிக் கட்டியிருந்த நாலு ஃபிளாட்டுகள் மட்டும் இங்கேயே நின்றன. அவற்றை அவன் என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

அப்போது என் வீட்டுக்காரர் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் மகள் ரோஷ்னி மூன்றாம் வகுப்பு.

நாலு குடித்தனத்திலும் வாடகை வாங்குவது நான். அதை பேங்கில் அவன் கடனுக்குக் கட்டுவது நான். நகராட்சி வரிக்கு வரிசையில் நிற்பது, குழாய்க்காரனைக் கூட்டி வருவது, குடித்துவிட்டு வாடகை இல்லை என்று சொல்கிறவனிடம் வாசலில் நின்று கத்துவது எல்லாம் நான். சூறாவளி வருகிறது என்று ரேடியோவில் சொன்னால் முதலில் அவன் ஃபிளாட்டின் ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு வந்துதான் என் வீட்டு ஜன்னலைப் பார்ப்பேன். இதற்கெல்லாம் அவன் மாதாமாதம் சிட்னியிலிருந்து பணம் அனுப்பினான். ஒரு மாதம் நான் காய்ச்சலில் படுத்து வாடகை வசூல் தள்ளிப்போனபோது அந்தப் பணமும் தள்ளித்தான் வந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவன் ஒவ்வொரு முறை வரும்போதும் கோயிலில் மைக்கைப் பிடிப்பான். "எங்க அக்காவையும் பொண்ணையும் நான்தான் பாத்துக்கறேன்" என்பான். கைதட்டுவார்கள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்ப்பேன்.

இந்த முறை அவன் வந்தது தீமிதிக்கு மட்டும் அல்ல. ரோஷ்னிக்குத் தலைநகர் சுவாவில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவன் சிட்னியில் தன்கூட வேலை செய்கிறவனின் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தான். மாப்பிள்ளைக்கு வயது முப்பத்தொன்று. என் மகளுக்குப் பதினேழு.

"நர்ஸிங் எல்லாம் வேணாம் அக்கா. அங்க போனா ராணி மாதிரி இருப்பா. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"அவ படிக்கணும்ங்கறா ரவி."

"என் காசுல சாப்பிடறவங்க என் பேச்சைக் கேக்கணும் இல்லையா?"

ரோஷ்னி எழுந்து உள்ளே போனாள். நான் தம்பிக்கு டீ போடப் போனேன். அவன் காசில்தானே அரிசி வாங்கினேன், அவள் பள்ளிக்கூடச் சீருடை வாங்கினேன்? சாப்பிட்ட வாயால் எப்படி எதிர்த்துப் பேசுவது? அப்படித்தான் என்னை நானே அடக்கி வைத்திருந்தேன்.

அந்த வாரம்தான் வருமான வரி அலுவலகத்திலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. ரவீந்திரா தன் வாடகை வருமானக் கணக்கில், ஃபிளாட்டுகளைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளம் கொடுத்ததாக வருடாவருடம் செலவு எழுதியிருக்கிறானாம். நான் அந்தச் சம்பளத்தை எங்கேயும் காட்டவில்லையாம். விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

ரோஷ்னி அந்த ஆங்கிலத்தைப் படித்து, நாங்கள் வீட்டில் பேசும் ஹிந்தியில் சொன்னாள். நான் மறுபடி படிக்கச் சொன்னேன். சம்பளம். எங்கள் பேச்சில் பகார். மில்லில் கரும்பு வண்டி தள்ளுகிறவன் வெள்ளிக்கிழமை வாங்குகிற அதே பகார்.

மறுநாள் ரவீந்திரா என்னை நவிட்டி தெருவில் மாடியில் இருக்கும் நாகையாவின் ஆபீசுக்கு அழைத்துப் போனான். அவனுடைய வரிக் கணக்கை வருடாவருடம் எழுதித் தருகிறவர் அவர். கோயிலில் பழக்கம். வழி முழுக்கத் தம்பி டாக்சியில் எனக்குப் பாடம் நடத்தினான்.

"பெரிய விஷயம் இல்ல அக்கா. பகார் வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டுடு. உன் வருமானம் கொஞ்சம்தான், வரி வராது. அவ்வளவுதான்."

நாகையா கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உர்மிளா, முதல்ல உனக்குச் சொல்லிடறேன். சொந்தக்காரங்க பாசத்துல அனுப்பற காசு வருமானம் இல்ல. அது வெளிநாட்டுல இருந்து வந்தாலும் அப்படித்தான். வாங்கறவங்க அதுக்கு வருமான வரி கட்ட வேணாம். ஆனா அனுப்பறவனும் அதைச் செலவுன்னு எழுதிக் கழிக்க முடியாது. வேலைக்காகக் குடுத்த காசுன்னா அது பகார். அதைக் கழிக்கலாம். ஆனா வாங்கினவங்களுக்கு அது வருமானம். நீங்க வீட்டுல என்ன பேரு வச்சுக் கூப்பிட்டாலும் ஆபீசு பாக்கறது எதுக்காகக் குடுத்தீங்கன்னுதான்."

"பகார்தான் அண்ணே. எழுதிக்குங்க. அவ வருமானம் வரம்புக்குக் கீழ, வரி வராது இல்லையா?" என்றான் ரவீந்திரா.

"அவளுக்கு வேற வருமானம் இல்ல. அதனால வரி வராது, சரி. ஆனா எங்கிட்ட வருஷாவருஷம் பகார்னு சொன்னியே, பிராவிடண்ட் ஃபண்ட் கட்டிட்டியான்னு கேட்டப்ப எல்லாம் பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னு சொன்னே. கட்டினியா?"

தம்பி மேஜைமேல் இருந்த கடிதத்தை எடுத்து மடித்தான்.

"பகார்னா அவ வேலைக்காரி, நீ முதலாளி. முதலாளியாப் பதிவு செஞ்சிருக்கணும். அவ பேருல மாசாமாசம் ஃபண்ட் கட்டியிருக்கணும். அவ பங்கை நீ பகார்ல பிடிக்கல. அதனால இப்ப ரெண்டு பங்கும் உன் தலைலதான். எட்டு வருஷத்துக்கு, அபராதத்தோட."

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். டாக்சியில் எனக்குப் பாடம் நடத்திய முகம் அது. ஒரு நொடியில் மாறியது.

"அப்போ அன்பளிப்புன்னு எழுதிக்கலாம் அண்ணே. அதுதானே உண்மை? ஊருக்கே தெரியும். அக்கா, நீயே சொல்லு."

"அப்படி எழுதினா இத்தனை வருஷம் கழிச்ச செலவு தள்ளுபடி ஆகும். அதுக்கு உண்டான வரியும் அபராதமும் வரும்" என்றார் நாகையா. "ஆனா ஃபண்டைவிட உனக்கு அது கம்மியாத்தான் வரும்."

"பரவாயில்ல. அன்பளிப்பு."

எனக்குக் கோபம் வந்தது. மைக்கில் அன்பளிப்பு, வரி ஆபீசில் பகார். ஃபண்ட் என்றதும் திரும்பவும் அன்பளிப்பு. கோயிலில் இவனுக்குக் கைதட்டல் வேண்டும், அரசாங்கத்திடம் வரி குறைய வேண்டும், வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பணம். என்ன சாமர்த்தியம்!

"அண்ணே, வேலைக்காகக் குடுத்தா பகார்னு சொன்னீங்க இல்ல?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்போ எழுதுங்க. வாடகை வாங்கினது நான். பேங்குல கட்டினது நான். மூணாம் ஃபிளாட்டுக்காரன் கத்தியைத் தூக்கினப்ப எதிர்ல நின்னது நான். கக்கூஸ் அடைச்சுக்கிட்டப்ப ஆள் வர்ற வரைக்கும் கையை விட்டு எடுத்தது நான். எனக்குக் காய்ச்சல் வந்து வசூல் தள்ளிப்போனப்ப அவனும் அனுப்பறதைத் தள்ளிப்போட்டான். இது பகார் இல்லாம வேற என்ன?"

"அக்கா!" என்றான் ரவீந்திரா. "கூடப் பொறந்தவன்கிட்ட பகார் கேக்கறியா?"

"நான் கேக்கலடா. எனக்குத் தெரியாம நீதான் எட்டு வருஷமா எழுதி வச்சிருக்கே. நான் உண்மைன்னு ஒத்துக்கறேன், அவ்வளவுதான்."

நாகையா பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எல்லாமே பகாரா? வேற எதுவும் அனுப்பலையா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். பொய் சொல்லி ஜெயிக்க எனக்கு விருப்பம் இல்லை.

"ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மாசத் திதி குடுக்கன்னு தனியா அனுப்பினான். அங்க போய் முதல் பகார் வாங்கினதுமே அனுப்பினான். அப்போ போன்ல ரெண்டு பேரும் அழுதோம். அது வேலைக்கு இல்ல. அது அன்பளிப்பு. அதைத் தனியா எழுதுங்க."

ரவீந்திரா தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தம்பி எங்கே போனான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மட்டும் இருந்திருந்தால் நான் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நாகையா எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

படியில் இறங்கும்போது அவன் வெடித்தான். "எவ்வளவு செலவு வச்சுட்டே தெரியுமா? இனிமே ஒரு காசு அனுப்பமாட்டேன்!"

"அனுப்பாதே. அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பாத்துக்கோ. மூணாம் ஃபிளாட்டுக்காரனைப் பத்தி மட்டும் அவனுக்கு முன்னாடியே சொல்லிடு."

"எட்டு வருஷம் சோறு போட்டிருக்கேன்."

"சோறா?" நான் படியிலேயே நின்றுவிட்டேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "நான் வேலை செஞ்சு வாங்கின பகாரை எனக்கே பிச்சை மாதிரி நீட்டினே. நானும் ஊர் முன்னாடி கும்பிட்டு வாங்கினேன். எம் பொண்ணும் உன் கால்ல விழுந்தா. அந்தக் கும்பிடை எந்தக் கணக்குல எழுதினே?"

அவன் பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு வந்தான். அங்கே தணிந்த குரலில், வீட்டில் எப்போதும் பேசும் குரலில், சொன்னான்:

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. ரோஷ்னி விஷயத்தை முடிச்சிடலாம். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போன் பண்ணுவாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. பாவம், மாடியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தும் விளங்கவில்லை.

"நீ என் முதலாளியா இருந்தவன்" என்றேன். "வேலைக்காரி வீட்டுக் கல்யாணத்துல முதலாளிக்கு என்னடா பேச்சு? பத்திரிகை வச்சா வந்து சாப்பிட்டுட்டுப் போ."

வையாவி பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.