படிக்கட்டு விளக்கு, நிலை: முடிந்தது

அன்று காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார். "செயலாளர் அம்மா, என் புகார் என்ன ஆச்சு?" என்று கேட்டார். நான் பால் பொங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, "அதெல்லாம் முடிஞ்சிடுச்சுங்க" என்றேன். "பரவாயில்லையே, வீட்டுக்காரன் பேச்சும் எடுபடுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார். அன்று லிஃப்டைப் பழுது பார்க்க ஆள் வந்திருந்தான். பத்திலிருந்து பன்னிரண்டு வரை எல்லோரும் படியில் இறங்குங்கள் என்று முந்தின நாள் குழுவில் அறிவிப்புப் போட்டது நான்தான்.

எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். செயலாளர் பதவிக்கு யாரும் முன்வராத ஒரு கூட்டத்தில், நிமிர்ந்து பார்த்த குற்றத்துக்காக அது என் தலையில் விழுந்தது. முதல் ஆறு மாதம் புகார்கள் என்னைத் தேடி வந்தன. காய்கறி வாங்கப் போனால் பின்னாலேயே வந்தன. துணி காயப்போடும்போது பக்கத்து மாடியிலிருந்து எட்டிப் பார்த்தன. சொன்னவர் மறக்க மாட்டார், கேட்ட நான் மறந்துவிடுவேன். கடைசியில் ஒரு நடைமுறை கொண்டுவந்தேன். புகார் மின்னஞ்சலிலோ வாட்ஸப் குழுவிலோதான் வர வேண்டும். வந்ததை நான் கணினியில் ஒரு பட்டியலில் ஏற்றி எண் கொடுப்பேன். தேதி, வீடு, புகார், யார் பார்ப்பது, நிலை. நிலை மூன்றே: நிலுவை, நடப்பில், முடிந்தது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துவிடுவேன். முடிந்த வரிகளைப் பூட்டிவிடுவோம். தீர்ந்துபோன கார் நிறுத்துமிடச் சண்டையை ஒருவர் பட்டியலில் புகுந்து மறுபடி உயிர்ப்பித்ததால் வந்த பூட்டு அது. திறக்க வேண்டுமானால் தலைவரும் செயலாளரும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். எண் இல்லாதது புகாரே இல்லை என்பது நான் எழுதிய விதி. சனிக்கிழமைதோறும் நிலுவைப் பட்டியல் குழுவுக்குப் போகும். எல்லோரும் கைதட்டும் பொம்மை போடுவார்கள்.

விதி என்றால் வீட்டுக்கும் விதிதான். ஒருநாள் சாப்பிடும்போது அவர் படிக்கட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். வாயால் சொன்னால் செல்லாது, மெயில் போடுங்க என்றேன். கை கழுவியதும் எதிரிலேயே உட்கார்ந்து போனில் தட்டினார். அந்த மெயில் இப்போது எனக்கு மனப்பாடம்.

"மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு விளக்கு எரியவில்லை. அதே திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி சுவரைவிட்டு ஆடுகிறது, பிடித்தால் கையோடு வந்துவிடும் போலிருக்கிறது. இப்படிக்கு, தங்கள் சமையலை நம்பி உயிர் வாழும் ஒருவன்."

முதல் வரியைப் படித்தேன். கடைசி வரிக்குச் சிரித்தேன். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் டீச்சர் அன்றைக்கே அதே விளக்கைப் பற்றிக் குழுவில் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்து 214 என்று எண் கொடுத்து, 'படிக்கட்டு விளக்கு' என்று ஏற்றினேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் பல்பை மாற்றிவிட்டுப் படம் அனுப்பினார். டீச்சர் கட்டைவிரல் காட்டினார். நான் 'முடிந்தது' என்று போட்டேன்.

கம்பி கையோடுதான் வந்தது. லிஃப்ட் பழுது பார்க்க வந்தவன் சத்தம் கேட்டு ஓடிப்போய்த் தூக்கினானாம். அவர் படிகளில் உருண்டு கீழ்த் திருப்பத்துச் சுவரில் போய் மோதியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பகல், ஓர் இரவு. கண் திறக்காமலே போய்விட்டார்.

ஆடும் கம்பியை அவர் பிடித்திருக்கவே மாட்டார். எதிலும் எச்சரிக்கையான மனிதர், கொதிக்கிற காப்பியைக்கூட மூன்று முறை ஊதிக் குடிப்பவர். முடிந்துவிட்டது என்று நான் சொன்னதால் பிடித்தார்.

பத்து நாள் கழித்து என் கொழுந்தனார் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். கீழே தலைவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணி, அந்தக் கம்பியைப் பத்தி யாருமே புகார் சொல்லலையாம். பட்டியல்ல இல்லையாம். அண்ணன்தான் கவனிக்காம சாஞ்சிட்டாருன்னு தலைவர் சொல்றாரு. அப்படியா?"

போனை எடுத்து மெயிலைக் காட்டினேன். படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் உதடு லேசாக அசைந்து நின்றது. மறுபடி மேலே போய்ப் படித்தார். தேதியைப் பார்த்தார்.

"யாருக்குப் போட்டாரு?"

"எனக்கு."

போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். குடித்தார். அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

கம்பியைப் பற்றி என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார் என்பது அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கீழ் வீட்டில் தலைவரிடம் போனேன். கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாளும் நின்றவர். 214ஐத் திறங்க, கம்பியையும் சேர்க்கணும், பார்க்காமலே முடிச்சிட்டோம்னு எழுதணும் என்று கேட்டேன். அவர் மனைவியை அழைத்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

"துக்கத்துல இருக்கீங்கம்மா. இப்போ எதையும் மாத்த வேண்டாம். நாளைக்கு நாலு பேர் உங்களைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"அப்போ எங்களையும் கேப்பாங்க" என்றார். பிறகு, வலிக்காமல் சொல்ல வேண்டும் என்று குரலைத் தணித்துக்கொண்டு, நான் எழுதிய விதியையே எனக்குச் சொன்னார். எண் இல்லாதது புகாரே இல்லை. கம்பிக்கு எண் இல்லை. காப்பி ஆறிப்போனது. நான் வாதாடவில்லை. அந்த விதிக்காகக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

கம்பியை விபத்து நடந்த மறுநாளே வெல்டர் வந்து சரியாக்கினாராம். நான் பார்க்கவில்லை. லிஃப்டில்தான் போகிறேன்.

பதவியை விட்டேன். மூன்றாம் மாடி டீச்சரைச் செயலாளர் ஆக்கினார்கள். அவருக்கு ஒரு மெயில் போட்டேன், எல்லோரையும்போல. 'புகார் எண் 214இல் கைப்பிடிக் கம்பியும் சொல்லப்பட்டிருந்தது. அது பதியப்படவில்லை. சரிசெய்யாமலே முடிந்தது என்று போடப்பட்டது. போட்டது நான்.' வீட்டுக்காரர் போட்ட மெயிலையும் கூடவே இணைத்தேன். டீச்சர் மறுபேச்சில்லாமல் ஏற்றி 231 என்று எண் கொடுத்தார். மாலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார், கண் கலங்கியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. இதை யாரைப் பார்க்கச் சொல்றது? என்ன செஞ்சா இதை முடிஞ்சதுன்னு போடலாம்?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே யோசித்தேன். தெரியவில்லை என்றேன்.

"அப்போ அப்படியே இருக்கட்டுமாக்கா?"

தலையாட்டினேன்.

இரண்டு வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் பட்டியல் தவறாமல் வருகிறது. குழாய், மோட்டார், மாடிக் கதவு எல்லாம் வருகின்றன, தீர்ந்து போகின்றன. புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒருமுறை குழுவில், "இந்த ஒரு புகாரை மட்டும் ஏன் இவ்வளவு நாளாக இழுத்தடிக்கிறீர்கள்?" என்று கோபமாகக் கேட்டிருந்தார். அடுத்த வாரமும் முதல் வரியில் அதுதான் இருந்தது: 231, நிலுவை.