அன்றைய உச்சம் 120.60

என் கணவர் டெனிஸ் குவைத்துக்கு வேலைக்குப் போய் ஆறு வருடம். கோவிலம்பாக்கத்தில் ஏசி சர்வீஸ் கடை போட முன்பணம் சேர்ந்தால் வந்துவிடுவார். அதற்காகத்தான் பங்குச் சந்தையில் தங்க யூனிட் நாலாயிரம் சேர்த்தோம். ஒரு யூனிட் நூற்றிருபது ரூபாயைத் தொட்டால் விற்பது, அன்றே அவர் வேலையை விடுவது. இதுதான் பேச்சு.

மூன்று வாரமாக விலை நூற்றுப் பதினெட்டையே சுற்றியது. காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றபடி, போனில் நூற்றிருபதுக்கு விற்க ஆர்டர் போடுவேன். மாலையில் அது விற்காமலே காலாவதியாகும். அவர் அங்கே பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

இன்று போனில் விலைப் பக்கத்தில் முந்தைய குளோஸ் 118. ஓபன் 118.40. நேற்று முடிந்ததைவிட மேலே தொடங்கியிருக்கிறதே என்று பேராசை வந்தது. நூற்றிருபத்தொன்று என்று ஆர்டர் போட்டேன். மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ரயில் ஏறிய ஜென்மம் நான்.

மதியம் மூன்று மணிக்கு ஆபீஸில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"கிறிஸ்டி! ஹை நூத்தி இருபது அறுபதுன்னு போட்டிருக்கு. நம்மளது வித்திருக்குமே! வேலைய விடறேன்னு லெட்டர் எழுதிட்டேன், இப்பவே மேனேஜர்ட்ட குடுக்கப்போறேன்!"

அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டு ஆறு வருடமாகிறது. பக்கத்தைத் திறந்தேன். ஹை 120.60, லோ 117.90, இப்போதைய விலை 118.10. எப்போதோ ஒரு நிமிடம் ஏறிவிட்டு இறங்கியிருக்கிறது. தொடங்கிய விலைக்கும் கீழே வந்துவிட்டது. நேற்றைய குளோஸைவிடப் பத்துப் பைசா அதிகம் என்பதால் மட்டும் பச்சையில் சிரிக்கிறது.

"விக்கலைங்க," என்றேன். "நான்தான் ஒரு ரூபா ஏத்திப் போட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

"சரி விடும்மா. இன்னொரு நாள் ஏறும்," என்றார்.

இன்னொரு நாளா? என்னால் இனி ஒரு நாள்கூட முடியாது. நூற்றிருபதுக்கும் இந்த விலைக்கும் மொத்தத்தில் என்ன வித்தியாசம் என்று இப்போதுதான் முதன்முதலாகக் கணக்குப் போட்டேன். ஏழாயிரத்து அறுநூறு.

லைனில் அவரை வைத்துக்கொண்டே, இருக்கிற விலைக்கே அத்தனையையும் விற்றேன்.

"வித்துட்டேன். நூத்திப் பதினெட்டு பத்து. குறையற ஏழாயிரத்தி அறுநூற நான் என் சம்பளத்துல போடறேன். லெட்டரக் குடுத்துட்டு வாங்க."

"ஏழாயிரத்தி அறுநூறா?" அவர் குரல் உடைந்தது. "அதுக்காகவா கிறிஸ்டி இந்த மூணு வாரமும் நான் இங்க இருந்தேன்?"