யோக்கிலிருந்து அடி மடிப்பு வரை

கட்டிங் அக்கா என்றுதான் அவளை எல்லாரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் துணி வெட்டுகிறவள். ஒரு ஆளை நிற்க வைத்து ஒரு சுற்றுப் பார்த்தால் போதும், எங்கே துணியை உள்ளே மடித்து டார்ட் பிடிக்க வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று கை தானாகவே சாக்பீஸை எடுக்கும். அவள் வெட்டியதைத் தைக்கிறவள் அவளுடைய நாத்தனார். நாற்பத்தோரு வயதாகியும் வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் பாப்பாதான். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த வாரமே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் ஒன்பது வருடம் சண்டை போடாமல் இருந்ததை அந்தத் தெருவே அதிசயமாகப் பேசியது. அறையில் இரண்டு மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், ஒரு நீளமான மேசை. அவ்வளவுதான் கம்பெனி.

அவர்களுக்கு வேலை கொடுத்தது நகரத்தின் மறுகோடியில் இருந்த ஏற்றுமதி அலுவலகம். அக்கா பழுப்புத் தாளில் கவுனை வரைந்து அனுப்புவாள். பிடித்திருந்தால் சாம்பிள் கேட்பார்கள். சாம்பிள் தேறினால் முதல் இருநூறு உருப்படி இவர்களுக்கு, மிச்சம் பெரிய ஃபேக்டரிக்கு. அங்கே இவர்களோடு பேசுகிறவருக்குப் பாப்பா வைத்த பெயர் ஓகே சார். போனை எடுத்தாலும் ஓகே, வைத்தாலும் ஓகே.

ஒருநாள் காலையில் அவர் கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே பேப்பர்ல வரைஞ்சு அனுப்பாதீங்க. மத்த யூனிட்காரங்க எல்லாம் ஏஐல படமே பண்ணி அனுப்புறாங்க. பொண்ணு போட்டு நிக்கிற மாதிரி, அச்சு அசலா. வியாழக்கிழமைக்குள்ள ஆறு படம் குடுங்க. நல்லா இருந்தா சாம்பிளுக்குப் போகலாம். ஓகே?"

பாப்பா தன் போனில் அந்த ஆப்பை இறக்கினாள். எழுதினால் படம் போட்டுத் தரும் என்றார்கள். அக்கா மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொல்லச் சொல்ல, பாப்பா தட்டினாள்: உடம்போடு ஒட்டின அழகான நீலக் கவுன், நல்ல தையல்.

படம் வந்தது. பாப்பா வாயைப் பிளந்தாள்.

"அண்ணி, சினிமாக்காரி மாதிரி இருக்கா பாருங்க!"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கழுத்தில் தொடங்கிய ஒரு கோடு வயிற்றில் போய்க் காணாமல் போயிருந்தது. அக்குளுக்குக் கீழே இன்னொன்று கிளம்பி, பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று முதுகுப் பக்கம் போய்விட்டது. இடுப்பில் பொங்கப் பொங்கச் சுருக்கு இருந்தது, அதைப் பிடித்துவைக்க ஒரு தையல்கூட இல்லை.

"பாப்பா, இந்தக் கோடு எங்க போகுது?"

"தெரியல அண்ணி."

"இந்தச் சுருக்கு எதுல நிக்குது? பசை போட்டு ஒட்டியிருக்கா? இத நீ தைச்சுக் குடு, நான் மெஷினையே உனக்கு எழுதி வெச்சுடறேன்."

பாப்பா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. இதற்குக் கோடு இருக்க வேண்டும் என்று தெரிகிறது, கோடு எதற்கு என்று தெரியவில்லை என்று நினைத்தாள். அழகு, ஒட்டினது, நல்ல தையல் என்றெல்லாம் சொன்னால் அதற்கு என்ன புரியும்? புதிதாக வேலைக்கு வந்தவளிடம் போய் 'நல்லாத் தை' என்று சொல்கிற மாதிரி.

மதியம் முழுக்க அதோடு மல்லுக்கு நின்றார்கள். டார்ட் என்று மட்டும் எழுதினால் துணியில் கத்தி பட்ட மாதிரி ஒரு கீறல் வந்தது. அக்கா வேறு மாதிரி சொன்னாள்: இடுப்புத் தையலில் தொடங்கி, மேலே போகப் போக மெலிந்து, மார்பின் உச்சிக்கு ஒரு அங்குலம் கீழே கூராக முடியும் டார்ட், பக்கத்துக்கு ஒன்று. இந்தத் தடவை இரண்டு டார்ட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பாப்பா கை தட்டினாள்.

பிரின்சஸ் கட்தான் பாடாய்ப் படுத்தியது. டார்ட் செய்கிற வேலையை, மேலிருந்து கீழ்வரை ஓடும் அந்த நீளத் தையலே செய்துவிடும். ஆகவே அது இருக்கிற இடத்தில் டார்ட் தேவையில்லை. 'டார்ட் வேண்டாம்' என்று எழுதினார்கள். வேண்டாம் என்பதை விட்டுவிட்டு டார்ட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அது நாலு டார்ட் போட்டது.

"எங்க அண்ணன் மாதிரியே இருக்கு அண்ணி. செய்யாதன்னா அதத்தான் செய்யும்."

"அந்த வார்த்தையையே எடுத்துடு பாப்பா. வேண்டியத மட்டும் சொல்லுவோம்."

பூப்போட்ட துணி கேட்டால் பூவுக்குள் தையல் ஒளிந்துகொண்டது. ஒரே நிறப் பருத்தித் துணி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம், தையலை ஒட்டி மேல்தையல் என்று சேர்த்ததும் கோடுகள் எழுந்து நின்றன. கடைசியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வெட்டுகிற வரிசையிலேயே சொன்னாள்: தோளில் யோக், தோளை மூடும் தனித் துண்டு. யோக் தையல் ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை நேராக. பக்கத்துக்கு ஒரு பிரின்சஸ் தையல், யோக் தையலில் தொடங்கி, மார்பின் உச்சி மேலாக, இடுப்பு வழியாக, அடி மடிப்பு வரை இடையில் முறியாமல். நடுத்துண்டு மட்டும் யோக்குக்குக் கீழே நெருக்கமான சுருக்கு, சுருக்கு யோக் தையலுக்குள் பிடிபட்டு, கீழே போகப் போக விரிந்து.

அப்படியும் பதினெட்டுப் படத்தில் ஒரு பக்கத் தையல் ஏறியோ இறங்கியோ இருந்தது. பத்தொன்பதாவது படத்தை அக்கா வெகுநேரம் பார்த்தாள். ஸ்கேல் எடுத்துப் போன் திரையில் வைத்தே பார்த்தாள்.

"இத வெட்டலாம்" என்றாள். அவள் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை ஆறு படம் போயின. ஒரு மணி நேரத்தில் ஓகே சார் கூப்பிட்டார். "நாலாவது படம், அந்த யோக் வெச்ச நீலக் கவுன், பிரமாதம் அக்கா. மேனேஜரே அசந்துட்டாரு. மத்தவங்க படமெல்லாம் பொம்மை மாதிரி இருக்கு, உங்களுது தைச்சு ஃபோட்டோ எடுத்த மாதிரியே இருக்கு. என்ன எழுதினீங்கன்னு கொஞ்சம் அனுப்புங்களேன். ஓகே?"

பாப்பா போனைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். "எதுக்கு அண்ணி அவருக்கு?"

"நாமதான் செஞ்சோமான்னு சந்தேகமா இருக்கும். அனுப்பு, பாக்கட்டும்."

அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. எழுதியதை வாழ்நாளில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அனுப்பச் சொன்னாள்.

சாம்பிள் கேட்கும் முன்பே பேட்டர்ன் போட்டு வெட்டிவிட்டாள். பாப்பா மூன்று நாளில் தைத்தாள். நடுத்துண்டின் சுருக்கை இரண்டு தடவை பிரித்து மறுபடி பிடித்தாள். அப்புறம் காத்திருந்தார்கள். போன் வரவில்லை. கூப்பிட்டால் "பாத்துட்டு சொல்றேன் அக்கா, ஓகே" என்று வைத்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் கவுனை ஒரு துணிப்பையில் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

ஓகே சார் நல்ல மனிதர்தான். எழுந்து நின்று வரவேற்றார், தண்ணீர் கொடுத்தார். பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"தைச்சுட்டீங்களா? ஐயோ... சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவர் பின்னால் கம்பியில் அதே நீலக் கவுன் தொங்கியது.

"பெரிய ஃபேக்டரி மாஸ்டர் படத்தப் பாத்தவுடனே பேட்டர்ன் போட்டுட்டாரு அக்கா. எது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு எல்லாம் தெளிவா இருந்துச்சாம். சாம்பிள் ரவுண்டே தேவைப்படல. மொத்த ஆர்டரும் நேரா அங்கயே போயிடுச்சு."

அக்கா போய்க் கம்பியிலிருந்து கவுனை எடுத்தாள். உள்புறம் திருப்பினாள். ஒரு குறையாவது இருக்கும் என்று தேடினாள். மார்பு வளைவில் தையல் ஓரம் அளவாக வெட்டிவிடப்பட்டு, இழுக்காமல் படிந்திருந்தது. சுருக்கு ஒரே சீராக இருந்தது. யோக் உள்பக்கமும் துணி வைத்துச் சுத்தமாக மூடியிருந்தார்கள். பாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், 'இங்க பாருங்க, இது தப்பு' என்று அண்ணி சொல்லப்போகிறாள் என்று. அக்கா அதைத் திருப்பி மாட்டி, தோளை நீவிவிட்டாள்.

"நல்லா தைச்சிருக்காங்க" என்றாள்.

பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பினாள். திரையில் வேறு வேறு நிறத்தில் எட்டுக் கவுன்கள். எல்லாவற்றிலும் யோக், எல்லாவற்றிலும் பிரின்சஸ் தையல். கீழே அக்காவின் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது, நிறத்தின் பெயர் மட்டும் வேறு.

"நீங்கதானா அது? அக்கா, யோக்க நேரா இல்லாம வளைவா வேணும்னா எப்படி எழுதணும்? நானும் பாக்குறேன், வரவே மாட்டேங்குது."

பாப்பா அண்ணியின் முழங்கையைக் கிள்ளினாள். ஆனால் அக்காவின் வாய் அதற்குள் பேசத் தொடங்கிவிட்டது.

"வளைவுன்னு மட்டும் சொல்லாதம்மா. கைக்குழில எவ்வளவு உயரத்துல தொடங்குது, நடுவுல எவ்வளவு இறங்குதுன்னு சொல்லு. நடுவுல ரெண்டு அங்குலம் இறங்கி, மறுபடி ஏறி மறு கைக்குழில முடியுதுன்னு எழுது."

அந்தப் பெண் தட்டினாள். இரண்டாவது படத்திலேயே சரியாக வந்தது. "அய்யோ, சூப்பர் அக்கா!" என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அக்காவும் குனிந்து திரையைப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் பாப்பா பொங்கினாள். "ஏன் அண்ணி சொன்னீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"கேட்டாளே பாப்பா" என்றாள் அக்கா. பஸ்ஸில் வரும்போது தானாகவே சொன்னாள், "தெரிஞ்சே தப்பா எழுதியிருந்தா... படமும் தப்பாத்தான வரும்."

அதற்கப்புறம் அலுவலகம் அவர்களிடம் படம் கேட்கவில்லை. அங்கேயே ஒரு நாளைக்கு நாற்பது படம் செய்துகொண்டிருந்தார்கள். அக்கா வேறு மூன்று இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். எல்லா இடத்திலும் யாரோ ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் மரியாதையாகவே பேசினார்கள்.

இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பாப்பா பெரிய ஃபேக்டரியில் மெஷினுக்குச் சேர்ந்தாள். அக்கா தடுக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. டிபன் பாக்ஸை மட்டும் கட்டிக் கொடுத்தாள். அறையில் இப்போது தெருக்காரர்கள் கொண்டுவரும் பேன்ட் கால் உயரம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும்தான் வேலை. நீள மேசையில் ஒரு பக்கம் துவைத்த துணி கிடந்தது.

முதல் வாரச் சம்பளத்தன்று சாயங்காலம் பாப்பா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்ன தைக்கக் குடுத்தாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நம்ம கவுன்தான் அண்ணி."

"முழுசாவா?"

"முழுசா எங்க? இடது பக்க பிரின்சஸ் மட்டும். யோக்கிலேருந்து அடி மடிப்பு வரைக்கும். தைச்சு அடுத்தவகிட்ட தள்ளிட்டா அவ வலதத் தைப்பா. சுருக்கு வேற லைன்ல."

அக்கா கையிலிருந்த பேன்ட்டின் பழைய மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நூல் நைந்துபோய் துண்டு துண்டாக வந்தது.

"வளைவுல இழுக்குதா?"

"இல்ல அண்ணி. நல்லா உக்காருது."

"சரி" என்றாள் அக்கா. பேன்ட்டின் அடுத்த காலை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.